கைப்பம்ப் எஸ்பிரசோ: 18 பார் எங்கே போச்சு?

"கையால் பம்ப் செய்யும் எஸ்பிரசோ கருவி வாங்கினேன். டப்பாவில் 18 பார் அழுத்தம் என்று போட்டிருக்கிறது. ஆனால் 10 நொடியில் காபி ஓடி வந்துவிடுகிறது, தண்ணியாய், புளிப்பாய். வீட்டு மெஷினில் இப்படி இல்லை. பம்ப் பழுதா?"

பம்ப் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவுங்க. 18 பார் என்பது அந்தப் பம்ப்பால் எட்ட முடிந்த உச்சம். காபித்தூள் தடுத்தால்தான் அழுத்தம் ஏறும். தூள் கரகரப்பாக இருந்தால் தண்ணீர் எளிதாக நழுவிவிடும், அழுத்தம் தேறாது. மெஷினிலும் இதே கதைதான், அங்கே சுமார் 9 பார் போதும்.

கையிலேயே தெரியும்: சில அழுத்தலுக்குள் பம்ப் கெட்டியாக எதிர்க்க வேண்டும். லொடலொடவென்று போனால் தூளை இன்னும் நைசாக அரையுங்கள். 8 கிராம் தூளைச் சமமாகப் பரப்பி, அழுத்திவிட்டு, 16 முதல் 20 கிராம் காபி 25 நொடியில் வருகிறதா என்று தராசில் வைத்துப் பாருங்கள். முதல் சொட்டு தெரிந்ததும் சில நொடி நிறுத்தி, தூள் நனைந்தபின் ஒரே சீராக அழுத்துங்கள். விட்டு விட்டு அழுத்தினால் அழுத்தம் ஏறி இறங்கும்.

புளிப்புக்குச் சூடு குறைவதும் காரணம். சின்னக் கருவி, வெந்நீரின் சூட்டை உறிஞ்சிவிடும். தூள் போடாமல் ஒருமுறை கொதிநீரை ஊற்றி அழுத்தி வெளியேற்றுங்கள். பிறகு தூள் நிரப்பி, மறுபடி கொதிநீரையே ஊற்றுங்கள்.

காபி சரியாக வந்ததா என்பதற்கு நுரையை மட்டும் நம்பாதீர்கள். பல கருவிகளில் காபி வெளிவரும் வாயிலுள்ள சிறு வால்வே நுரையைக் கிளப்பிவிடும். இவ்வளவும் சரியானால் சுவை மெஷினை நெருங்கும். ஆனால் மெஷினில் 18 கிராம் தூள் பிடிக்கும் கூடையில் வரும் கனமும் அளவும் 8 கிராமில் வராது.