படுக்கிற அறையில நித்திரை வரேல்லையோ? இந்தக் கிழமை வந்த நாலு கேள்வியள்

கிளிநொச்சியில இருந்து ஒரு தங்கச்சி: அண்ணை, எங்கட அறை கிளிப்பச்சை, அதுவும் பளபளக்கிற பெயிண்ட். ராவில லைட் போட்டா கண் கூசுது. வெள்ளை அடிச்சாச் சரி வருமோ?

பச்சையில மட்டும் பிழையில்லை தங்கச்சி, அந்த மினுக்கமும்தான், லைட் சுவரில பட்டுத் திரும்ப உங்கட கண்ணுக்கே வருது. மேட் எண்டு கேட்டு வாங்குங்கோ. சுத்த வெள்ளை வேண்டாம், எங்கட பகல் வெயிலுக்கு அதுவும் கூசும். வெளிறின சாம்பல் பச்சை, இல்லாட்டி மோர் மாதிரிக் கொஞ்சம் மங்கின வெள்ளை எடுங்கோ. முதல்ல சின்ன டப்பா ஒண்டு வாங்கி ரெண்டடிக்கு ரெண்டடி சுவரில பூசி காலமை, மத்தியானம், ராத்திரி லைட் போட்டு எண்டு மூண்டு தரம் பாருங்கோ, கடை அட்டையில பாத்த நிறம் சுவரில அப்பிடியே வராது. பல்பையும் 6500K எண்டு போட்டிருந்தா மாத்தி 2700K இல்லாட்டி 3000K போடுங்கோ, அந்த நீல வெள்ளை வெளிச்சத்தில எந்த நிறமும் ஆஸ்பத்திரி மாதிரித்தான் தெரியும்.

பத்தடிக்குப் பத்தடி அறை, ஒன்பதடி உயரம் எண்டா நாலு சுவரும் 360 சதுர அடி, கதவு யன்னல் கழிச்சா 320 அளவில வரும். ஒரு லீட்டர் ஒரு பூச்சுக்கு 110 சதுர அடி மட்டில போகும், ரெண்டு பூச்சுக்கு 6 லீட்டர் காணும். பழைய மினுக்கத்தைச் சாண்ட் பேப்பரால தேச்சுப் பிரைமர் ஒரு பூச்சுக் கட்டாயம் அடியுங்கோ, இல்லாட்டி புதுசு பிடிக்காமத் தோலா உரியும். மாரி முடிஞ்ச கையோட அடிக்காதேங்கோ. பொலித்தீன் துண்டொண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில ஒரு நாள் விடுங்கோ, உள்பக்கம் வேர்த்திருந்தாச் சுவர் இன்னும் ஈரம்.

வவுனியாவில இருந்து: நெல்லு மூட்டை எல்லாம் படுக்கிற அறையிலதான், வேற இடமில்லை. என்ன செய்யிறது?

வெட்டு முடிஞ்சா எங்கட ஊரில பாதி வீடு இப்பிடித்தான். எண்டாலும் தூசியும், மூட்டைக்கு வாற எலியும் ராவெல்லாம் எழுப்பும். ஹோலில ஒரு மூலையில பலகை போட்டு, சுவரில இருந்து அரை அடி தள்ளி அடுக்குங்கோ. கட்டாயம் அறையிலதான் எண்டா கால்மாட்டுப் பக்கம் வைச்சு, சுவர் நிறத்திலயே ஒரு சீலைத் திரை போட்டு மறையுங்கோ, தலைமாட்டில வேண்டாம்.

முல்லைத்தீவில இருந்து ஒரு அக்கா: மெத்தை சூடு, ஆனா தை மாசம் விடியப்புறம் குளிருது. என்ன விரிக்கிறது?

தடிப்பான போர்வை ஒண்டை விட மெல்லிசா ரெண்டு மூண்டு நல்லம் அக்கா. ஃபோம் மெத்தைக்கு மேல பன்பாய், அதுக்கு மேல பருத்தி பெட்ஷீட், போர்க்க ஒரு மெல்லிசுப் பருத்தி, கால்மாட்டில இன்னொண்டு மடிச்சு. சித்திரையில கால்மாட்டில கிடக்கிறதை எடுத்து வைச்சிடலாம், தையில விடியக் குளிரேக்க நித்திரைக் கலக்கத்திலயே இழுத்துப் போர்க்கலாம். பொலியஸ்டர் கலந்த விரிப்பு வேர்வையை உறிஞ்சாது, கடையில ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்கோ, முத்தா நிண்டா அது வேண்டாம்.

மாங்குளத்தில இருந்து ஒரு அண்ணை: வீடு ஏ9 ரோட்டில இருந்து 40 மீட்டர். ராவில லொறிச் சத்தம். தடிப்பான கர்ட்டன் போட்டும் குறையேல்லை.

கர்ட்டன் அறைக்குள்ள எதிரொலியைத்தான் குறைக்கும் அண்ணை, வெளிச் சத்தத்தைப் பெரிசா மறிக்காது. சத்தம் வாறது இடைவெளியால. இருட்டினாப் பிறகு அறைக்குள்ள டோர்ச் பிடிச்சுக் கொண்டு, ஒராளை வெளிய நிண்டு பாக்கச் சொல்லுங்கோ, வெளிச்சம் கசியிற இடமெல்லாம் சத்தமும் வரும். யன்னல் சட்டத்துக்கு ரப்பர் பட்டி ஒட்டுங்கோ. ரோட்டுப் பக்கம் யன்னலுக்கு மேல இருக்கிற ஓட்டைக் கல்லைச் சீமெந்தால அடையுங்கோ, ஆனா பின்பக்கத்து ஓட்டையள அடைக்கவே கூடாது, பிறகு புழுக்கத்தில கிடப்பியள். கட்டிலை ரோட்டுச் சுவரில இருந்து எதிர்ச் சுவருக்கு மாத்தி, உடுப்பு நிறைஞ்ச அலுமாரியை ரோட்டுச் சுவரோட வையுங்கோ.

பனையோலை வேலியும் பூமரமும் சத்தத்துக்கு உதவாது, மறைப்பாத் தெரியும் அவ்வளவுதான். ரோட்டையும் யன்னலையும் கண்ணுக்கு மறைக்கிற உயரத்தில இடைவெளியில்லாத மதில் எண்டாத்தான் குறையும். அப்பவும் லொறியின்ர அந்த அடிவயித்து உறுமல் கொஞ்சம் வரும், ஹோர்னும் டயர்ச் சத்தமும்தான் நல்லாக் குறையும். முதல்ல மதிலுக்குக் காசு போடாதேங்கோ, ரப்பர் பட்டியும் ஓட்டைக் கல்லும் முடிச்சு ரெண்டு கிழமை படுத்துப் பாத்திட்டு முடிவெடுங்கோ.