ஜெயித்தால் 16, தோற்றால் 22: ரேங்க் பாயின்ட் ஏன் இப்படி நகர்கிறது?

"ஐந்துக்கு ஐந்து ஆடும் டீம் ஷூட்டரில் ரேங்க்ட் மேட்ச் ஆடுகிறேன். ஒரு மாதமாக ஜெயித்தால் 16 பாயின்ட்தான் ஏறுகிறது, தோற்றால் 22 இறங்குகிறது. ஜெயிப்பதும் தோற்பதும் பாதிக்குப் பாதி. தோற்ற மேட்ச்சிலும் பல தடவை நான்தான் டீமில் அதிக கில் எடுத்திருக்கிறேன். என் அக்கவுன்ட் கெட்டுப்போய்விட்டதா? புது அக்கவுன்ட் ஆரம்பிப்பது நல்லதா?"

அக்கவுன்ட் கெட்டுப்போகவில்லை. புது அக்கவுன்ட்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

இப்படிப்பட்ட விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று திரையில் தெரியும் ரேங்க் பாயின்ட். இன்னொன்று சர்வரில் மறைந்திருக்கும் எம்.எம்.ஆர்., அதாவது உங்கள் திறனை மதிப்பிடும் மேட்ச்மேக்கிங் ரேட்டிங். உங்களுக்கு எதிராக யாரை நிறுத்துவது என்று முடிவு செய்வது மறைந்திருக்கும் எண். மேட்ச் முடிந்ததும் திரையில் ஏறி இறங்குவது மற்றது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் வெற்றிக்கும் தோல்விக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு பாயின்ட் வரும். திரையில் தெரியும் எண் மேலேயும் எம்.எம்.ஆர். கீழேயும் இருந்தால், சிஸ்டம் மேலே இருப்பதைக் கீழே இழுக்கும். வெற்றிக்குக் குறைவு, தோல்விக்கு அதிகம் என்று அது இழுக்கும் இழுப்பைத்தான் நீங்கள் 16, 22 என்று பார்க்கிறீர்கள்.

உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். 20 மேட்ச்சில் 10 வெற்றி, 10 தோல்வி என்றால் 160 ஏறி 220 இறங்குகிறது, நிகரம் 60 நஷ்டம். ஒரு ரேங்க்குக்கு 100 பாயின்ட் என்ற கணக்கில் இது அரை ரேங்க்குக்கு மேல். இறங்காமல் அப்படியே நிற்க வேண்டுமென்றால் 22-ஐ 38-ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 58 சதவீத வெற்றி தேவை. ஆனால் உங்களுக்கு வரும் எதிரிகள் எம்.எம்.ஆர். பார்த்து, உங்களுக்குச் சமமாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். அதனால்தான் பாதிக்குப் பாதி ஜெயிக்கிறீர்கள். யாரோ வேண்டுமென்றே தோற்கடிக்கிறார்கள் என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். சமமானவர்களோடு சேர்த்துவிட்டால் முடிவு தானாகவே 50-ஐ ஒட்டி வந்துவிடும், அதற்குத் தனியாகச் சதி எதுவும் தேவையில்லை.

சரி, இந்த இடைவெளி எப்படி வந்தது? வழக்கமான காரணம் தொடர்ச்சியாகத் தோற்ற ஒரு காலகட்டம். பல விளையாட்டுகளில் ஒரு ரேங்க்கின் அடிமட்டத்தைத் தொட்டதும் உடனே கீழே தள்ளாமல் ஒரு பாதுகாப்பு தருவார்கள். அந்த நேரத்தில் திரையில் உள்ள எண் நின்றுவிடுகிறது, எம்.எம்.ஆர். மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. இன்னொரு காரணம், உங்களைவிட நன்றாக ஆடும் நண்பர்களோடு பார்ட்டியாக ஏறிவிட்டு, அப்புறம் தனியாக ஆடுவது. சீசன் தொடக்கமும் ஒரு காரணம், ஆனால் எதிர்த்திசையில். புது சீசனில் திரை எண்ணைப் பெரும்பாலும் எம்.எம்.ஆருக்குக் கீழேதான் வைப்பார்கள், அதனால் முதல் சில வாரங்கள் வெற்றிக்கு நிறைய ஏறும். இரண்டும் ஒன்றையொன்று எட்டிய பிறகு அந்தக் கூடுதல் நின்றுவிடும். சீசன் நடுவில் "என் பாயின்ட்டைக் குறைத்துவிட்டார்கள்" என்று வரும் புகார்களில் பெரும் பகுதி இதுதான்.

உங்கள் விஷயத்தில் இடைவெளி உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதிக்க ஒரு நேரடி வழி இருக்கிறது. மேட்ச் முடிந்ததும் மற்ற ஒன்பது பேரின் ரேங்க்கையும் பாருங்கள். தொடர்ந்து பத்து, பதினைந்து மேட்ச்சில் பெரும்பாலானவர்கள் உங்களுக்கு ஒரு படி கீழே இருந்தால், சிஸ்டம் உங்களை வைத்திருக்கும் இடம் அதுதான். எல்லோரும் உங்கள் ரேங்க்கிலேயே இருந்தும் 16, 22 என்றே வந்தால், நீங்கள் ஜெயித்த மேட்ச்சுகள் 13-11 என்று ஒட்டி முடிந்தனவா, தோற்றவை 13-4 என்று முடிந்தனவா என்று பாருங்கள். வேலரண்ட் போன்ற சிலவற்றில் ரவுண்டு வித்தியாசமும் பாயின்ட்டைக் கூட்டிக் குறைக்கும்.

இனி, அந்த எம்.எம்.ஆர். எப்படி நகர்கிறது என்பதைப் பார்ப்போம். இதன் வேர் செஸ் விளையாட்டுக்காக அர்பாட் ஈலோ உருவாக்கிய முறை. மேட்ச்சுக்கு முன்பே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஜெயிக்கும் வாய்ப்பைக் கணக்கிடுகிறார்கள். முடிவு அந்த எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அந்த அளவுக்கு எண் நகரும்.

```
E = 1 / (1 + 10^((Rb - Ra)/400))
R' = R + K * (S - E)
```

இதில் Ra உங்கள் பக்கத்தின் எண், Rb எதிர்ப்பக்கத்தின் எண், E நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு. S என்பது முடிவு: ஜெயித்தால் 1, தோற்றால் 0. R பழைய எண், R' புதிய எண், K ஒரு மேட்ச்சில் எண் எவ்வளவு நகரலாம் என்பதன் உச்ச அளவு. உங்கள் டீமின் சராசரி 1500, எதிர் டீமின் சராசரி 1600 என்றால், உங்கள் வாய்ப்பு 0.36. K மதிப்பு 32 என்று வைத்தால் ஜெயித்தால் சுமார் 20 ஏறும், தோற்றால் சுமார் 12 இறங்கும். பலமான டீமிடம் தோற்பது மலிவு, பலவீனமான டீமிடம் தோற்பது விலை அதிகம்.

ஆனால் இது மட்டும் டீம் ஷூட்டருக்குப் போதாது. ஒருவரின் எண்ணை சிஸ்டம் எவ்வளவு நம்புகிறது என்பதையும் சேர்க்க வேண்டும். மார்க் கிளிக்மன் உருவாக்கிய கிளிக்கோ முறையும், மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவு எக்ஸ்பாக்ஸ் லைவுக்காகச் செய்த ட்ரூஸ்கில் முறையும் அதைத்தான் செய்கின்றன. இவற்றில் ஒவ்வொருவருக்கும் திறன் மதிப்பீடு ஒன்று, அதில் உள்ள சந்தேகத்தின் அளவு ஒன்று என இரண்டு எண்கள். ட்ரூஸ்கில்லில் புதிதாக வருபவர் 25 மதிப்பீட்டோடும் 8.33 சந்தேகத்தோடும் தொடங்குவார். ஆட ஆடச் சந்தேகம் குறையும்.

அந்தச் சந்தேகம் என்ன செய்கிறது என்று ஒரு மேட்ச்சில் பார்ப்போம். பத்து பேருக்கும் மதிப்பீடு 25. ஒன்பது பேர் பழையவர்கள், அவர்களின் சந்தேகம் 1. ஒருவர் மட்டும் புதியவர், அவருடைய சந்தேகம் 8.33. புதியவரின் டீம் ஜெயிக்கிறது. ட்ரூஸ்கில் கணக்கைப் போட்டால் புதியவரின் மதிப்பீடு 25-லிருந்து சுமார் 28.5-க்குத் தாவுகிறது. அவரோடு அதே மேட்ச்சை ஜெயித்த பழைய டீம்மேட்டுக்கு ஏறுவது வெறும் 0.05. ஒரே மேட்ச், ஒரே வெற்றி, எழுபது மடங்கு வித்தியாசம். பழையவரைப் பற்றி சிஸ்டத்துக்கு ஏற்கனவே நன்றாகத் தெரியும், இந்த ஒரு மேட்ச் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை.

புது அக்கவுன்ட்டின் கவர்ச்சியும் இதுதான். முதல் சில மேட்ச்சில் வேகமாக ஏறுவது சந்தேகம் பெரிதாக இருப்பதால். உங்கள் திறன் மாறவில்லை என்றால், சந்தேகம் குறைந்ததும் இப்போது நிற்கும் இடத்துக்கு அருகிலேயே அதுவும் வந்து நிற்கும். அதற்கு நடுவில் உங்களுக்குச் சமமில்லாத எத்தனையோ பேரின் மேட்ச் வீணாகும், அது எனக்கு உண்மையிலேயே உறுத்தும் விஷயம். பழைய அக்கவுன்ட்டிலேயே சந்தேகம் கொஞ்சம் கூடுவதும் உண்டு. கிளிக்கோவில் நீண்ட நாள் ஆடாமல் இருந்தால் அது தானாக வளரும். அதனால் இடைவெளி விட்டுத் திரும்பி வரும்போது முதல் சில மேட்ச்சுகளுக்கு எடை அதிகம். அவற்றைத் தூக்கக் கலக்கத்தில் ஆடாதீர்கள்.

அடுத்தது கில் விஷயம். ஒரு டீமின் முடிவில் உங்கள் பங்கு எவ்வளவு என்பது ஒரு மேட்ச்சில் தெரியவே தெரியாது. மற்ற ஒன்பது பேரின் ஏற்ற இறக்கமும் அந்த முடிவில் கலந்திருக்கிறது. ட்ரூஸ்கில்லை வெளியிட்டவர்கள், ஒருவரின் திறனைக் கண்டுபிடிக்க ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தில் குறைந்தது 12 மேட்ச், நாலுக்கு நாலு ஆட்டத்தில் 46, எட்டுக்கு எட்டு ஆட்டத்தில் 91 தேவை என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள். டீம்மேட்டும் எதிரியும் மாறிக்கொண்டே இருக்க, எல்லா மேட்ச்சிலும் மாறாமல் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்கள் பங்கு மெதுவாக, ஆனால் நிச்சயமாக மேலே மிதந்து வரும்.

அப்படியானால் கில் எண்ணிக்கையை நேரடியாகச் சேர்த்தால் சீக்கிரம் தெரிந்துவிடாதா? தெரியும். 2018-இல் வந்த ட்ரூஸ்கில் 2 தனிநபர் புள்ளிகளையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கில்லுக்குப் பாயின்ட் என்றால் ஆட்டக்காரர்கள் மேட்ச்சை ஜெயிப்பதை விட்டுவிட்டுக் கில்லைத் தேடுவார்கள்: டீம்மேட்டை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நிற்பார்கள், பாம் டிஃப்யூஸ் செய்ய ஓடமாட்டார்கள். ஓவர்வாட்ச் 2018-இல் டைமண்ட் ரேங்க்கிலிருந்து மேலே தனிநபர் ஆட்டத்தை வைத்துப் பாயின்ட் மாற்றுவதை எடுத்துவிட்டது. அளவிடுவதையே ஆட்டக்காரர் துரத்த ஆரம்பிப்பார் என்பது அங்கு நேரடியாகத் தெரிந்த சிக்கல். பெரும்பாலான இடங்களில் வெற்றி தோல்விதான் முதன்மை, தனிநபர் எண்கள் இருந்தாலும் சிறிய திருத்தம்தான்.

உங்கள் கில்களைப் பற்றி இன்னொன்று. நீங்கள் எடுக்கும் கில்கள் ரவுண்டின் தொடக்கத்தில் வருகின்றனவா, இல்லை ரவுண்டு கைவிட்டுப்போன பிறகு வருகின்றனவா? ஐந்துக்கு ஐந்தில் முதல் கில் எடுக்கும் பக்கம் ஐந்துக்கு நாலு என்று தொடர்கிறது. மூன்று பேர் விழுந்த பிறகு நீங்கள் எடுக்கும் இரண்டு கில் ஸ்கோர்போர்டில் அதே போலத்தான் தெரியும், ரவுண்டைத் திருப்புவதோ அரிது. தோற்ற மேட்ச்சுகளில் ஐந்தை ரீப்ளேயில் திறந்து, ஒவ்வொரு கில்லின்போதும் இரு பக்கமும் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். கில் அதிகம், வெற்றி பாதி என்ற புதிர் அந்தத் தாளில் பெரும்பாலும் அவிழும்.

அடுத்த 30 மேட்ச்சுக்கு ஏறிய இறங்கிய பாயின்ட்டைக் குறித்து வையுங்கள். 20 மேட்ச்சில் 8 வெற்றி வந்தாலும் 12 வந்தாலும் அது தற்செயலின் எல்லைக்குள்தான், ஒரு வாரத்தை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். பார்க்க வேண்டியது வெற்றிக்குக் கிடைக்கும் பாயின்ட்டின் போக்கு. 16 என்பது 17, 18 என்று நகர்ந்தால் திரை எண்ணும் எம்.எம்.ஆரும் நெருங்குகின்றன. நெருங்கும்போது திரையில் ரேங்க் ஒரு படி இறங்கியிருந்தால் உங்கள் எம்.எம்.ஆர். எங்கே இருக்கிறது என்று அப்போது தெரியும். ரேங்க் இறங்காமலேயே 19, 19 என்று வந்துவிட்டால், எம்.எம்.ஆர். உங்களை நோக்கி ஏறி வந்திருக்கிறது.