“எல்லாம் ஓடிக்கிட்டிருக்குங்க அக்கா”

வணக்கம். திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். பிரசவ விடுப்பு முடிந்து, ஏழு மாதம் கழித்து போன திங்கட்கிழமைதான் வேலைக்குத் திரும்பினேன். என்னுடைய இரண்டு பையர்களின் ஆர்டர்களையும் ஜூனியர் பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டாள். நன்றாகவே பார்த்திருக்கிறாள். முதல் நாள் மீட்டிங்கில் ஓர் ஆர்டரின் துணியைப் பற்றிச் சொன்னேன். “அது மாறிடுச்சுங்க அக்கா” என்றாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அதிலிருந்து எதைக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. கேட்டால் இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். கேட்காமல் விட்டால் ஏதாவது ஆர்டர் கெட்டுவிடுமோ என்று பயம். டீமிடம் எப்படிக் கேட்பது?
பெயர் வேண்டாம், அவிநாசி

வணக்கம்ங்க. குழந்தையும் நீங்களும் நலம்தானே?

அன்றைக்கு எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது நீங்கள் உறுதியாகச் சொன்ன ஒரு பழைய தகவல். அங்கே நீங்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. “அந்தத் துணி இன்னும் அதேதானா?” என்று கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள், பேச்சு அடுத்த ஆர்டருக்குப் போயிருக்கும். அதனால் முதல் இரண்டு வாரத்துக்கு உங்கள் ஞாபகத்தில் இருக்கும் எந்த விவரத்தையும் பேப்பரில் பார்க்காமல் மீட்டிங்கில் சொல்லாதீர்கள். கேட்பதில் தவறே இல்லை. எதை, யாரிடம், எப்போது கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “நான் இல்லாதப்ப என்னென்ன நடந்துச்சு?” என்று கேட்டால், ஏழு மாதத்துச் சங்கதியிலிருந்து உங்களுக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுக்கும் வேலையை அந்தப் பெண் தலையில் போடுகிறீர்கள். ஷிப்மென்ட் நெருக்கத்தில் இருப்பவள் என்ன சொல்வாள்? “எல்லாம் ஓடிக்கிட்டிருக்குங்க அக்கா” என்பாள். அது பொய்யும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஓர் ஆர்டரைக்கூட நகர்த்த முடியாது.

எனவே முதலில் படியுங்கள், அதுவும் கொஞ்சமாக. ஷிப்மென்ட் போய்விட்ட ஆர்டர்களைத் தொடவே வேண்டாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்று காட்டும் டி.என்.ஏ. ஷீட், கடைசியாக வந்த பி.ஓ., கடைசியாக வந்த டெக் பேக், நிட்டிங் புரோகிராம் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். மெயிலைக் கடைசி மெயிலிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். முதலிலிருந்து படித்தால் இன்றைக்குச் செல்லாத பத்து முடிவுகளை மனசில் ஏற்றிக்கொண்டுதான் பதினொன்றாவதற்கு வருவீர்கள். படிக்கும்போது இரண்டே இரண்டைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இரண்டு பேப்பர் இரண்டு விதமாகப் பேசும் இடம். இன்னொன்று, தேதி போயும் டி.என்.ஏ.வில் கட்டம் காலியாக இருக்கும் இடம். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் அங்கேதான் இருக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 12,000 பீஸ் டி-ஷர்ட் ஆர்டர், சிங்கிள் ஜெர்சி துணி. நீங்கள் லீவுக்குப் போகும்போது 160 ஜி.எஸ்.எம்., வேஸ்டேஜ் சேர்த்து பீஸுக்கு 200 கிராம் துணி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,400 கிலோ. உங்கள் ஞாபகத்தில் இருப்பது இதுதான். இப்போது திறந்து பார்த்தால் பி.ஓ.வில் 160 என்றே இருக்கிறது. டெக் பேக்கின் கடைசி வடிவத்தில் 180 என்று இருக்கிறது. நிட்டிங் புரோகிராம் 2,900 கிலோவுக்குப் போயிருக்கிறது.

யாரையும் கேட்பதற்கு முன்பே இதில் பாதி விடை கிடைத்துவிடுகிறது. 180 ஜி.எஸ்.எம். என்றால் அதே பீஸுக்கு 225 கிராம் வேண்டும், மொத்தம் 2,700 கிலோ. டையிங்கிலும் காம்பாக்டிங்கிலும் ஏழு சதவீதம் எடை குறையும் என்று வைத்தால், நிட்டிங்குக்குச் சுமார் 2,900 கிலோ கொடுக்க வேண்டும். பழைய 160-க்கு என்றால் 2,580 போதும். ஆகவே உண்மையில் ஓடுவது 180-தான், பி.ஓ. மட்டும் திருத்தப்படாமல் நிற்கிறது. இப்போது அந்தப் பெண்ணின் சீட்டுக்குப் போய் இப்படிக் கேட்கலாம்:

“இந்த டி-ஷர்ட்டுக்கு டெக் பேக்ல 180, பி.ஓ.வுல 160 இருக்குது. நிட்டிங் புரோகிராமைப் பார்த்தா 180-தான் ஓடுதுன்னு எடுத்துக்கிட்டேன், சரிதானே? ஜி.எஸ்.எம். ஏத்துனப்ப விலைக்கு மெயில் வந்துச்சா, இல்ல போன்ல பேசுனதா? நூல் அதே 30-ஆம் கவுண்டா, மாத்தியாச்சா?”

இந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் படித்ததும், படித்து எடுத்த முடிவும் முதலில் வந்துவிடுகின்றன. அவள் சொல்ல வேண்டியது ஆம், இல்லை, அதற்கு மேல் ஒரு வரி. அந்த ஒரு வரிதான் பேப்பரில் இல்லாதது, உங்களுக்கு வேண்டியதும் அதுதான். கவுண்டைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. ஜி.எஸ்.எம். ஏறும்போது பெரும்பாலும் நூலையும் தடிமனாக்குவார்கள், அதாவது கவுண்ட் எண் குறையும். பழைய நூலை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் அது குடோனில் கிடக்கும். டி.என்.ஏ. ஷீட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்காது.

“விலைக்கு மெயில் இல்லைங்க அக்கா, போன்லதான் சொன்னாங்க” என்று பதில் வரலாம். அப்படி வந்தால் கவனமாக இருங்கள். 300 கிலோ துணி கூடியிருக்கிறது, அதன் விலைக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை, பி.ஓ.வில் பழைய விவரமே இருக்கிறது. பில் போடும்போது இது பிரச்சினையாக வரும். இதை அடுத்த நாள் மீட்டிங்கில் எடுத்துப் பேசினால் நீங்கள் கெட்டிக்காரராகத் தெரிவீர்கள், அந்தப் பெண் எல்லோர் முன்னாலும் குறுகிப்போவாள், அதற்கப்புறம் உங்களிடம் எதையும் தானாகச் சொல்ல மாட்டாள். ஏழு மாதம் உங்கள் பையர்களைத் தாங்கியவள் அவள். “பி.ஓ.வைத் திருத்தித் தரச் சொல்லி நீ மெயில் போடறியா, நான் போடட்டுமா?” என்று அங்கேயே கேட்டு இருவருமாக முடித்துவிடுங்கள். மேனேஜருக்கு சி.சி. போனால் போதும்.

நான் இந்த ஊரில் ஒரு பையிங் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில் கவனித்தது ஒன்று. எந்த முடிவு எடுக்கப்பட்டது என்பது எங்காவது எழுத்தில் இருக்கும். ஏன் எடுக்கப்பட்டது என்பது பெரும்பாலும் இருக்காது. உங்கள் பழைய டையிங் யூனிட்டை விட்டுவிட்டு வேறு யூனிட்டுக்குத் துணி போகிறது என்று டெலிவரி சலானைப் பார்த்தாலே தெரியும். ஷேடு சரியாக வரவில்லையா, லாட் தாமதமா, பேமென்டில் மனக்கசப்பா என்பது ஃபேப்ரிக் ஃபாலோ-அப் பார்க்கும் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அது தெரியாமல், அவசரத்துக்குப் பழைய யூனிட்டுக்கு நீங்கள் ஒரு போன் போட்டால் போதும், ஏழு மாதத்தில் எதுவுமே தெரிந்துகொள்ளவில்லை என்று ஆகிவிடும். அதனால் அவரிடம் காரணத்தைக் கேளுங்கள்: “அண்ணா, டையிங் யூனிட் மாறுனதைப் பார்த்தேனுங்க. எதனாலங்க மாத்துனோம்? அவசரம்னா பழைய இடத்துக்குப் போகலாமா, கூடாதுங்களா?” கட்டிங் மாஸ்டரிடமும் இதே மாதிரி, நடந்ததைச் சொல்லிவிட்டுக் காரணத்தை மட்டும் கேளுங்கள்.

நேரமும் முக்கியம். காலை புரொடக்‌ஷன் மீட்டிங்கில் கேட்டால் ஒருவருக்கான கேள்விக்குப் பத்துப் பேர் நிற்க வேண்டியிருக்கும். சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு ஃப்ளோரில் யாருக்கும் நிதானம் இருக்காது. டீ நேரம் முடிந்து எல்லோரும் சீட்டுக்குத் திரும்பும் வேளை நல்லது. ஒருவரிடம் ஒரு தடவைக்கு மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு மெசேஜ் போட்டால் போதும், அதுவும் படித்து முடித்த பிறகு. இந்த மாதிரி:

“எல்லோருக்கும் வணக்கம். ஓடிட்டிருக்கிற ஆர்டர் எல்லாத்துக்கும் டி.என்.ஏ., பி.ஓ., டெக் பேக் பார்த்துட்டேன். போன்லயோ நேர்லயோ பேசி முடிச்சு, மெயில்ல வராத மாற்றம் ஏதாவது இருந்தா மட்டும் புதன்கிழமைக்குள்ள எனக்குத் தனியா ஒரு வரி அனுப்புங்க. சந்தேகம் இருக்கிற இடத்துக்கு நானே நேர்ல வந்து கேட்டுக்கிறேன்.”

“லீவுல இருந்ததால ஒண்ணும் தெரியல, மன்னிச்சுக்குங்க” என்று அதில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். 26 வாரம் சட்டம் தந்த விடுப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்டால், அடுத்து லீவு எடுக்கப்போகும் பெண்ணும் கேட்க வேண்டியதாகிவிடும்.

இவ்வளவுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இரண்டு பையர்களின் மெயில்களிலும் உங்கள் பெயர் திரும்பச் சேர்க்கப்பட்டிருக்கிறதா? வாட்ஸ்அப் குரூப்களில் இருக்கிறீர்களா? பல கம்பெனிகளில் லீவுக்குப் போகும்போது எடுத்துவிடுவார்கள், திரும்பி வந்ததும் சேர்க்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஷேடு அப்ரூவல் பாதி வாட்ஸ்அப்பிலேயே வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். சேர்க்கச் சொல்லிக் கேட்டும் இன்று நாளை என்று தள்ளிப்போனால், உங்கள் சிக்கல் தகவல் இல்லாதது அல்ல. அந்தப் பையர்கள் உங்களிடம் திரும்பி வருகிறார்களா என்பதே இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். அதை ஜூனியரிடம் கேட்காதீர்கள், அவளால் பதில் சொல்ல முடியாது. மேனேஜரிடம் தனியாகப் போய், “சார், ரெண்டு பையரும் எந்தத் தேதியிலிருந்து என் பொறுப்புங்க? அதுவரைக்கும் அப்ரூவலுக்கு யார் பதில் போடறது?” என்று கேளுங்கள். தேதியைச் சொல்ல வைத்து, அதை அன்றைக்கே அவருக்கு மெயிலாகப் போட்டுவிடுங்கள். சம்பளத்திலோ பதவியிலோ கை வைத்திருந்தால் அது வேறு விஷயம். விடுப்பில் இருக்கும் பெண்ணுக்குப் பாதகமாக வேலை நிபந்தனைகளை மாற்றக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதை எச்.ஆரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

பையருக்கு எழுதுவதை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் எதையும் விளக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது. உள்ளே நடந்ததை நம் கம்பெனிக்குள்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தேதி முடிவானதும், ஜூனியரையும் சி.சி.யில் வைத்து, இத்தனாம் தேதியிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன், உங்களிடமிருந்து வர வேண்டியவை இன்னின்ன என்று ஒரு மெயில் அனுப்புங்கள். பி.பி. சாம்பிள் அப்ரூவல், திருத்திய பி.ஓ. என்று நிலுவையில் இருப்பவற்றை ஆர்டர் எண்ணோடு எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் அந்தப் பட்டியலை ஜூனியரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.