அலகு குத்துற வீடியோவ தூக்கிட்டான், சேனல் காசும் நின்னுபோச்சு: கேளுங்க, சொல்றேன்

சுங்கை சிப்புட்ல கோயில் திருவிழா, கல்யாணம்னு வீடியோ எடுக்குற ஆளு நான். யூடியூப் அப்பீல் எழுதுறதுல சுத்துவட்டாரத்து சேனல்காரங்களுக்கு உதவி பண்றேன். தெரிஞ்சத சொல்றேன், யூடியூப் மட்டும்தான்.

தோட்டத்து பையன்: அண்ணே, எங்க மாரியம்மன் கோயில் திருவிழா வீடியோ, ஒரு அண்ணன் கன்னத்துல அலகு குத்துறது, "வன்முறை, கோரக் காட்சி"ன்னு தூக்கிட்டான். வார்னிங்தான் வந்துருக்கு. அழிச்சிட்டு வேற மாதிரி போட்டுறவா?

அழிக்காதீங்க தம்பி. அழிச்சா வார்னிங் போகாது, அப்பீல் பண்ற வழிதான் போயிடும். அதையே வெட்டி ஒட்டி திரும்ப ஏத்துனா அடுத்தது ஸ்ட்ரைக்கா வந்து விழலாம். 90 நாளைக்குள்ள மூணு ஸ்ட்ரைக்னா சேனலே காலி.

அப்பீலுக்கு 90 நாள் இருக்கு, ஆனா ஒரே ஒரு வாட்டிதான் கேக்க முடியும், அதனால கோவத்துல உடனே எழுதாதீங்க. ஸ்டூடியோல Content பக்கம் போய் அந்த வீடியோவுக்கு நேரா Restrictions கீழ மவுஸ வச்சா Appeal வரும். அத அமுக்குறதுக்கு முன்னாடி உங்ககிட்ட இருக்குற ஒரிஜினல் ஃபைல ஒருக்கா முழுசா பாருங்க. எந்த நிமிஷத்துல ஊசி தோல்ல இறங்குது, ரத்தம் தெரியுதா, யாராச்சும் கத்துறாங்களா, கேமரா எவ்ளோ நேரம் கிட்ட போய் நிக்குதுன்னு குறிச்சு வைங்க. அவங்க பாக்குறது அதத்தான். கோரக் காட்சியா இருந்தாலும் கல்வி, ஆவணம், அறிவியல், கலைன்னு காரணம் இருந்தா விடுவாங்க, ஆனா அந்தக் காரணம் வீடியோவுக்குள்ளயே, படத்துலயோ குரல்லயோ தெரியணும், டைட்டில்லயும் டிஸ்கிரிப்ஷன்லயும் எழுதுனது மட்டும் சில சமயம் பத்தாது.

உங்களோட இதே மாதிரி ஒண்ணுக்கு நான் உக்காந்து எழுதிக் குடுத்தேன். பதினஞ்சு நிமிஷ வீடியோ, மூணாவது நிமிஷத்துல நெத்திலயும் கன்னத்துலயும் அலகு, கிட்டத்துல. டைட்டில்ல "பயங்கரம், பாத்தா நடுங்கிடுவீங்க"ன்னு போட்டு வச்சிருந்தான் பய, தம்ப்நெயில்லயும் அதே ஊசி. அந்த டைட்டில படிக்கிறவனுக்கு இது அதிர்ச்சிக்காக போட்ட வீடியோன்னுதான் தோணும், நம்ம வாதத்தயே அது கெடுத்துருது. அப்பீல்ல "நாங்க இந்துக்கள், எங்கள ஒதுக்குறீங்க"ன்னு ஒரு வார்த்த இல்ல. எழுதுனது இவ்ளோதான்: இது மலேசியாவுல கோயில்ல நடந்த நேர்த்திக்கடன் பதிவு, பக்தர் தானா விரும்பி, விரதம் இருந்து வந்தவரு, 3:05ல பூசாரி அலகு குத்துறாரு, 2:10ல இது எதுக்குன்னு பின்னணிக் குரல் வெளக்குது, காயப்படுத்துற நோக்கம் இல்ல, மத்த நேரமெல்லாம் பால்குடமும் உறுமியும் ஊர்வலமும்தான். ஆங்கிலத்துல, நாலஞ்சு வாக்கியம். வீடியோ திரும்ப வந்துச்சு, ஆனா 18 வயசுக் கட்டுப்பாடோட. வார்னிங் போச்சு, விளம்பரக் காசு அதுக்கப்புறம் பெருசா வரல. முழு வெற்றின்னு சொல்ல மாட்டேன்.

டவுன்காரன்: எவனோ பொறாமையில பத்து பேர் சேர்ந்து ரிப்போர்ட் அடிச்சிருப்பாங்க அண்ணே, அதான் தூக்கிட்டான்.

பாதி சரி. ரிப்போர்ட் வந்தா பாக்குறாங்க, ஆனா எண்ணிக்கைக்காக தூக்குறதில்ல. ரிப்போர்ட்டே இல்லாம மெஷின் கண்டுபிடிச்சுக் குடுக்குறதும் நெறைய. அப்பீல்ல பொறாமைக்காரன பத்தி எழுதி இடத்த வீணாக்காதீங்க.

கோயில் கமிட்டி அங்கிள்: தம்பி, அந்த இடத்த மங்கலாக்கிட்டா போதும்னு என் பேரன் சொல்றான். முருகன் வேல மறைக்கிறதா? சாமி குத்தமில்லயா?

அங்கிள்,  வேல மறைக்கணும்னு யாரும் கேக்கல, ஊசி தோல துளைக்கிற அந்த ரெண்டு மூணு செகண்ட்தான் கேள்வி. நான் எடுக்கும்போது மங்கலாக்க மாட்டேன், கேமராவ அந்த நேரம் பக்தரோட அம்மா முகத்துக்கோ உறுமிக்காரங்க பக்கமோ திருப்பிருவேன், குத்தி முடிஞ்சு அவரு எழுந்து நிக்கிறத எடுப்பேன். கண்ணுக்கும் அழகு.

தோட்டத்து பையன்: அதான் முக்கியமான காட்சியே, அத விட்டா எதுக்கு வீடியோ?

கோயில் கமிட்டி அங்கிள்: அப்படிக் கேளு!

முழுசா வேணும்னா ஒரு காப்பி கமிட்டிக்கு கொடுத்துருங்க, யூடியூப்ல போடுறது வேற. உங்க ரெண்டு பேருக்கும் என் பதில் பிடிக்கலன்னு தெரியுது.

ஒரு அக்கா: எங்க அண்ணன் மகனுக்கு ஏழு வயசு, சின்ன அலகு குத்தி பால்குடம் எடுத்தான். அழுதுட்டான் பாவம். அந்த வீடியோவும் போச்சு, அப்பீல் பண்ணலாமா அக்கா?

நான் அண்ணன்தான் அக்கா, பரவால்ல. பண்ணலாம், ஆனா ஜெயிக்கிறது கஷ்டம். பிள்ளைங்க சம்பந்தப்பட்டதுக்கு தனிக் கொள்கை, வலி, அழுகைன்னு வந்தா நம்பிக்கை, நேர்த்திக்கடன்னு சொல்ற வாதம் எடுபடுறது ரொம்பக் கம்மி. அந்த மாதிரி எடுத்தத குடும்ப வாட்ஸாப்லயே வச்சுக்கங்க. இதத்தான் எல்லாருக்கும் சொல்றேன், கேக்குறவங்க குறைவு.

உறுமி குழு தம்பி: அண்ணே எங்க ஊர்வல வீடியோல பின்னாடி ஸ்பீக்கர்ல பக்திப் பாட்டு ஓடுது, காசு அந்த கம்பெனிக்கு போயிடுச்சு. பாட்டு வரி பழைய திருப்புகழ்தானே, யாருக்கும் சொந்தமில்லயே?

வரி பொதுச்சொத்துதான், அந்தக் கேசட்டுல பாடுன ஒலிப்பதிவு கம்பெனிக்கு சொந்தம். அது வேற கேஸ், வார்னிங் இல்ல. நீங்களே பாடி நீங்களே அடிச்சதுக்கு கிளைம் வந்திருந்தா மட்டும் டிஸ்பியூட் போடுங்க, 5 நாளைக்குள்ள போட்டா மொத நாள்லேர்ந்து காசு பிடிச்சு வச்சிருப்பாங்க. கிளைம் பண்ணவருக்கு பதில் சொல்ல 30 நாள். ஸ்பீக்கர்ல ஓடுனதுனா விட்டுருங்க.

தேவாரம் சேனல்: நாப்பது தேவாரம், சாமி படம் பின்னாடி, பாடினது வேற ஆள், நான் சேத்து போட்டேன். "ரீயூஸ்ட் கண்டென்ட்"னு காசு நிறுத்திட்டான். இதுக்கும் சாமி கேஸ்னு எழுதலாமா?

இதுல பக்தி எடுபடாது. நீங்க என்ன சேத்தீங்கன்னு கேக்குறாங்க. நிறுத்துனதிலேர்ந்து 21 நாள்தான் அப்பீல். அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஒரு வீடியோ எடுத்து, அன்லிஸ்டட்ல உங்க சேனல்லயே ஏத்தி லிங்க் குடுக்கணும், மொத 30 செகண்ட்ல சேனல் முகவரி தெரியணும். மேஜைல உக்காந்து எடிட் பண்றத, நீங்க பேசுறத, அர்த்தம் சொல்றத காட்டணும். காட்ட ஒண்ணுமே இல்லன்னா அப்பீல் ஜெயிக்காது, 90 நாள் கழிச்சு மறுபடி விண்ணப்பம் பண்ணலாம், அதுக்குள்ள பதிகத்த நீங்களே படிச்சு வெளக்கம் சொல்லி போடுங்க. அப்பீல் முடியுற வரைக்கும் பழைய வீடியோ எதையும் அழிக்காதீங்க.

வேற ஒருத்தர்: வீடியோவுக்கு நேரா மஞ்ச டாலர் வந்துருக்கு, விளம்பரம் கம்மியாத்தான் வருமாம், என்ன பண்ண?

ரிவியூ கேளுங்க, மனுஷன் பாப்பாரு. அவரு சொல்றதுதான் முடிவு.

இன்னொருத்தர்: ஸ்ட்ரைக் வந்துச்சுண்ணே, வீடியோவ டிலீட் பண்ணிட்டா போயிடுமா?

மேல ஏற்கெனவே சொல்லிட்டேன் லா, படிச்சுட்டு வாங்க.

பேரன்: மலேசிய தகவல் தொடர்பு ஆணையம் MCMCல புகார் பண்ணா வீடியோ திரும்ப வராதா?

வீடியோவ திரும்ப போடச் சொல்லி யூடியூப்பு அப்பீல நடத்துற வேல அவங்களது இல்ல. ஆனா வீடியோ மலேசியால மட்டும் தெரியலன்னா அது வேற, அது சட்டக் கோரிக்கையால வந்த தடையா இருக்கலாம், இந்த அப்பீல் அதுக்கு இல்ல. மெயில்ல எது எழுதிருக்குன்னு மொதல்ல பாருங்க.

கோயில் கமிட்டி அங்கிள்: தம்பி, பேரன் நான் சொல்றத கேக்காம நேத்து அதே வீடியோவ மறுபடி ஏத்திட்டான். ஸ்ட்ரைக் வந்துருச்சு. நாளைக்கு தீமிதி லைவ் போடணும்.

மொத ஸ்ட்ரைக்னா ஒரு வாரம் ஏத்தவும் முடியாது, லைவும் போக முடியாது அங்கிள். பக்கத்து வீட்டு சேனல்ல போட்டாலும் தடையத் தாண்டுறதா ஆயிடும், அந்த சேனலுக்கும் ஆபத்து. தீமிதிய ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சு அடுத்த வாரம் போடுங்க. இப்ப மங்கலாக்குறதா வேணாமான்னு நீங்களும் பேரனும் பேசிக்கங்க.