கைப்பேசிப் படத்தில் வந்த ஆட்ஸ்: கழிவு எங்கே ஒளிந்திருக்கிறது?

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு காற்பந்துப் பந்தயப் பட்டியலின், அதாவது ஆட்டங்களுக்குப் புக்கி போட்ட ஆட்ஸ் என்னும் விலைகளின், படத்தை வைத்துப் பல வாசகர்கள் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். யாரோ மடித்து வைத்திருந்த தாளை ஒட்டுக்கடை விளக்கில் படம் எடுத்திருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதன் முதல் ஆட்டத்தைப் பற்றியவை என்பதால், பதில்களுக்கும் அதே எண்களையே எடுத்துக்கொள்கிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அனுமதி இல்லாத புக்கியிடம் பந்தயம் கட்டுவது 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி குற்றம். இங்கே நாம் பார்ப்பது அந்தத் தாளில் உள்ள கணக்கை மட்டும்.

கேள்வி: முதல் ஆட்டத்துக்கு 1.75, 3.60, 4.50 என்று போட்டிருக்கிறது. எந்த அணிக்கு எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று இதிலிருந்து தெரியுமா?

தெரியும். 1.75 என்றால் 100 வெள்ளி கட்டி வென்றவருக்கு முதலும் சேர்த்து 175 வெள்ளி கைக்கு வரும். ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் ஆட்ஸ் சொல்லும் வாய்ப்பு கிடைக்கும்.

```
1 / 1.75 = 0.5714   (முதல் அணி வெற்றி)
1 / 3.60 = 0.2778   (சமநிலை)
1 / 4.50 = 0.2222   (இரண்டாம் அணி வெற்றி)
கூட்டல்  = 1.0714
```

ஓர் ஆட்டத்துக்கு இந்த மூன்றைத் தவிர வேறு முடிவு கிடையாது. ஆகவே கூட்டினால் சரியாக 100 விழுக்காடு வர வேண்டும். வந்திருப்பதோ 107.14. அந்தக் கூடுதல் 7.14தான் புக்கியின் கழிவு. செம்பனைக் குலையைத் தராசில் ஏற்றும்போது நீளக் காம்புக்கும் பழுக்காத குலைக்கும் கழிப்பார்கள், ஆனால் அது சீட்டில் எழுதியிருக்கும். இங்கே சீட்டு இல்லை. விலையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டு, அந்தக் குறைவுக்குள்ளேயே கழித்துவிடுகிறார்கள்.

கழிவை நீக்கிப் பார்க்க வேண்டுமானால் மூன்றையும் 1.0714ஆல் வகுங்கள். 53.3, 25.9, 20.7 என்று வரும். முதல் அணிக்கு 57 விழுக்காடு என்று படித்தவர் ஏறக்குறைய நான்கு விழுக்காடு அதிகமாகப் படித்திருக்கிறார்.

கேள்வி: அப்படியென்றால் புக்கிக்கு நூற்றுக்கு 7.14 வெள்ளி இலாபமா?

இல்லை, இந்த இடத்தில் பலருக்குத் தடுமாற்றம் வரும். யார் வென்றாலும் புக்கி 100 வெள்ளி கொடுக்கும்படி பணம் விழுந்திருக்கிறது என்று வையுங்கள். முதல் அணிமீது 57.14, சமநிலைமீது 27.78, இரண்டாம் அணிமீது 22.22 வெள்ளி. வசூல் 107.14, பட்டுவாடா 100, மிச்சம் 7.14. ஆனால் அது 107.14 வெள்ளியில் மிஞ்சியது. வகுத்தால் 6.67 விழுக்காடு. கட்டுகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால், கட்டும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் சராசரி 93.33 திரும்பும்.

இது பணம் அளவாகப் பிரிந்து விழும்போது வரும் கணக்கு. ஒரே பக்கம் குவிந்துவிட்டால் புக்கிக்கு ஒரு நாள் நட்டம் வரலாம், இன்னொரு நாள் இருமடங்கு இலாபமும் வரலாம். ஆட்ஸ் நாள் முழுவதும் நகர்ந்துகொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பக்கத்துப் பத்தியில் 0.83 என்றும் 0.93 என்றும் இருக்கிறது. ஒன்றைவிடக் குறைந்த எண்ணை எப்படி வகுப்பது? என் நண்பர் படத்தில் அதே 0.93 சிவப்பாக இருக்கிறதே?

உங்கள் நண்பரிடம் இருப்பதுதான் சரியான படம். அது மலாய் ஆட்ஸ். இந்த முறையில் கழித்தல் குறியுள்ள எண்ணைச் சிவப்பில் காட்டுவது வழக்கம். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்ததும் சிவப்பு போய்விடும், பக்கத்தில் உள்ள சின்னக் கோடும் மங்கிவிடும். உங்களிடம் வந்தது அப்படி வந்த படம்.

0.83 என்றால் 100 வெள்ளி கட்டினால் 83 வெள்ளி இலாபம். -0.93 என்றால் கதை தலைகீழ்: 93 வெள்ளி கட்டினால் 100 வெள்ளி இலாபம். இரண்டுக்கும் கணக்கு வேறு.

```
குறி இல்லாதது:  1 / (1 + 0.83)     = 0.5464
கழித்தல் குறி:    0.93 / (1 + 0.93)  = 0.4819
கூட்டல்                             = 1.0283
```

கழிவு 2.83 விழுக்காடு. இதைக் கணிப்பொறி இல்லாமலே மோப்பம் பிடிக்கலாம். கழிவே இல்லாத ஆட்டத்தில் ஒரு பக்கம் 0.83 என்றால் மறுபக்கம் -0.83 இருக்கும். இங்கே -0.93 இருப்பதால் இடைவெளி 10 காசு. இரண்டு பக்கமும் குறியில்லாமல் 0.92, 0.96 என்று இருந்தால், ஒவ்வொன்றும் ஒன்றுக்கு எத்தனை காசு குறைகிறது என்று கூட்டுங்கள்: 8 காசும் 4 காசும், மொத்தம் 12.

இப்போது குறி அழிந்த உங்கள் படத்துக்கு வருவோம். இரண்டையும் குறியில்லாததாகப் படித்தால் 54.64, 51.81 என்று வந்து கூட்டல் 106.45 ஆகிறது. ஒரே தாளில் ஒரே பத்தியில் மற்ற ஆட்டங்கள் 102, 103 என்று நிற்கும்போது ஒரு வரி மட்டும் 106க்கு ஏறினால், அங்கே புக்கி கூடுதலாகக் கழித்தார் என்று முடிவு கட்டாதீர்கள். குறி தொலைந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஆனால் எண் ஒன்றுக்கு மிக அருகில் இருந்தால் இந்தச் சோதனை கைகொடுக்காது. 0.90, -0.98 என்ற ஜோடியின் கூட்டல் 102.13. குறியை விட்டுவிட்டுப் படித்தாலும் 103.14தான் வரும். இரண்டுமே நம்பும்படி இருக்கின்றன. அப்போது வண்ணப் படத்தைக் கேட்டு வாங்குவதைத் தவிர வழியில்லை.

கேள்வி: மடிப்புக் கோட்டில் சில எண்கள் சரியாகத் தெரியவில்லை. ஊகித்து எழுதிக்கொள்ளலாமா?

எழுதிக்கொண்டு, கூட்டிப் பாருங்கள். முதல் ஆட்டத்தின் 3.60, மடிப்பில் 8.60 மாதிரி தெரிகிறது. அப்படியே எடுத்தால் கூட்டல் 90.99. நூறுக்குக் கீழே போனால் புக்கி தன் கைக்காசைக் கொடுக்கிறார் என்று பொருள், ஒரே புக்கியின் ஒரே நேரத்து விலையில் அப்படி நடக்காது. 1.75ஐ 1.15 என்று படித்தால் 136.96, அதுவும் அபத்தம். காலையில் எடுத்த படத்தில் பாதியும் மாலையில் எடுத்த படத்தில் பாதியும் சேர்த்து எழுதினாலும் கூட்டல் இப்படிக் குளறும். இடையில் விலை மாறியிருக்கும்.

கூட்டல் பிடிக்காத தவறு ஒன்று உண்டு: இடம் மாறுவது. ஆசியப் பட்டியல்களில் மூன்று விலையும் மேலிருந்து கீழாக முதல் அணி, இரண்டாம் அணி, சமநிலை என்ற வரிசையில் இருப்பது உண்டு. நீங்கள் சமநிலையை நடுவில் எதிர்பார்த்துப் படித்தால் இரண்டு எண்கள் இடம் மாறும், ஆனால் கூட்டல் அப்படியே இருக்கும். தாள் முழுவதும் கண்ணோட்டுங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் அதிகம் ஆடாமல் மூன்றரையைச் சுற்றியே நிற்கும் எண்கள் எந்த இடத்தில் இருக்கின்றனவோ, அதுதான் பெரும்பாலும் சமநிலை.

கேள்வி: அந்த 0.83க்குப் பக்கத்தில் 0.5 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

அரை கோல். முதல் அணி அரை கோல் விட்டுக்கொடுத்து ஆடுகிறது என்று பொருள். அரை கோல் யாராலும் போட முடியாது. ஆகவே முதல் அணி வென்றால் பந்தயம் வெற்றி, சமநிலையானாலும் தோற்றாலும் பந்தயம் தோல்வி. அப்படியானால் இதுவும் முதல் பத்தியில் 1.75 போட்ட அதே முடிவுதானே? ஆமாம், அதேதான். ஒரே பொருளுக்கு ஒரே தாளில் இரண்டு விலை. மூன்று முடிவுப் பத்தியில் கட்டினால் 100 வெள்ளிக்கு 75 வெள்ளி இலாபம், அரை கோல் பத்தியில் 83. கழிவை நீக்கிப் பார்த்தால் ஒன்று 53.3 விழுக்காடு என்கிறது, மற்றது 53.1. புக்கியின் கணிப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது கழிவு மட்டும். எங்கள் பார்வையில் அந்தத் தாளிலேயே மிகத் தெளிவாகப் பேசும் இடம் இது.

இந்த ஒப்பீடு அரை கோலுக்கு மட்டும் பொருந்தும். 0 என்று போட்டிருந்தால் சமநிலையில் பணம் திரும்பிவிடும், அப்போது ஆட்ஸ் சொல்வது சமநிலையை ஒதுக்கிவிட்ட வாய்ப்பு. நம் ஆட்டத்தில் 53.3ஐ 74.1ஆல் வகுத்தால் 72 விழுக்காடு. அதை வெற்றி வாய்ப்பு என்று படித்தால் ஏமாறுவீர்கள். கால் கோல் கணக்கில் பாதிப் பணம் மட்டும் திரும்பும் நிலையும் உண்டு என்பதால், ஒன்றை வகுக்கும் சுருக்குவழி அங்கே எடுபடாது.

கேள்வி: கடைசி ஆட்டத்தில் சின்ன அணிக்கு 15.00. கழிவை எல்லா முடிவுக்கும் ஒரே விகிதத்தில் பிரிப்பது நியாயமா?

அந்த ஆட்டம் 1.20, 6.50, 15.00. கூட்டல் 105.38. ஒரே விகிதத்தில் பிரித்தால் சின்ன அணிக்கு 6.3 விழுக்காடு வரும். உண்மை அதற்கும் கீழே இருக்க வாய்ப்பு அதிகம். 1.25 கிடைக்க வேண்டிய இடத்தில் 1.20 போட்டால் கட்டுகிறவர் முணுமுணுப்பார், 20 கிடைக்க வேண்டிய இடத்தில் 15 போட்டால் கவனிக்கவே மாட்டார். ஆகவே கட்டும் பணத்துக்குக் கழிவு விகிதம் பெரிய எண்களில்தான் அதிகமாக ஏற்றப்படுகிறது. உண்மை வாய்ப்பு 5 விழுக்காடு என்றால் 15.00இல் கட்டிய 100 வெள்ளிக்குச் சராசரி 75 வெள்ளிதான் திரும்பும். பெரிய எண்களில் இந்த முறை தரும் வாய்ப்பை மேல்வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று ஆட்டத்தைச் சேர்த்துக் கட்டினால் கழிவு ஒரு தடவைதானே?

மூன்று தடவை, அதுவும் பெருக்கலாக. 1.75 மூன்றைப் பெருக்கினால் 5.36. கழிவில்லாத விலை 6.59. 100 வெள்ளிக்குச் சராசரி 81.30 திரும்பும், கட்டும் பணத்தில் கழிவு 6.67இலிருந்து 18.70க்குப் போய்விட்டது.

கேள்வி: இதே கணக்கை நாலு நம்பருக்குப் போட முடியுமா?

அங்கே இன்னும் எளிது, பரிசு அச்சிலேயே இருக்கிறது. ஒரு வெள்ளி ‘பிக்’ கட்டினால் முதல் மூன்று பரிசு 2,500, 1,000, 500. பிறகு 180 வெள்ளி பத்து, 60 வெள்ளி பத்து. கூட்டினால் 6,400. மொத்த எண்கள் 10,000. பத்தாயிரம் எண்ணையும் ஒரு வெள்ளி வீதம் வாங்கினால் 6,400 திரும்பும், கழிவு 36 விழுக்காடு. ‘ஸ்மால்’ என்றால் 3,500, 2,000, 1,000 சேர்ந்து 6,500. கழிவு 35.