தவணைக் கடிதத்துக்குப் பதில் வரவில்லையா? தொகையிலிருந்து திருத்துங்கள்

கேள்வி: ஒரு நிறுவனத்துக்கு வடிவமைப்பு வேலை செய்து கொடுத்ததில் மூன்று பில்களுக்கு மொத்தம் 2,40,000 வர வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு வியாபாரம் படுத்துவிட்டது என்று எனக்கே தெரியும். "பலமுறை நினைவூட்டியும் பணம் செலுத்தாததால், மாதம் 60,000 வீதம் நான்கு தவணைகளில் கட்டவும். தவறினால் சட்ட நடவடிக்கை எடுக்க நேரிடும்" என்று எழுதினேன். இரண்டு வாரமாகப் பதில் இல்லை. உறவும் கெடாமல் பணமும் வரும்படி இதை எப்படி மாற்றி எழுதுவது?

பதில்: கடிதத்தின் கடுமை ஒரு குறைதான். ஆனால் பெரிய குறை 60,000 என்ற தொகையில் இருக்கிறது. நிலுவையை நான்கால் வகுத்தால் வரும் எண் அது. அவர்களிடம் மாதாமாதம் என்ன மிஞ்சுகிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. "சரி" என்றால் இரண்டாம் மாதமே வாக்குத் தவற வேண்டியிருக்கும், "முடியாது" என்றால் வழக்கு வரும். இந்த நிலையில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சொற்களை மட்டும் மென்மையாக்கி இதே தொகையைத் திரும்ப அனுப்பினாலும் மௌனம்தான் கிடைக்கும்.

எழுதும் முன் ஒரு முறை தொலைபேசியில் பேசி, இரண்டே கேள்விகள் கேளுங்கள்: உங்களுக்கு வசூல் பெரும்பாலும் மாதத்தில் எந்தத் தேதியில் வருகிறது? சம்பளம், வாடகை போக எவ்வளவு ஒதுக்க முடியும்? இதற்குக் கிடைக்கும் பதில்தான் உங்கள் தவணைத் தேதியும் தொகையும். 5ஆம் தேதி வசூல் வருகிறவரிடம் 1ஆம் தேதி கேட்பது வீண்.

ஆரம்பத்தில் கை இறுக்கமாக இருக்கும், சில மாதங்களில் நிலைமை தேறும் என்று அவர்கள் சொன்னதாக வைத்துக்கொள்வோம். அப்போது கடிதம் இப்படி அமையலாம்:

"வணக்கம். நேற்றுப் பேசியதற்கு நன்றி. இணைப்பில் உள்ள மூன்று பில்களின்படி இன்றைய நிலுவை 2,40,000. உங்கள் தற்போதைய வரவு நிலையைக் கருத்தில் கொண்டு இரண்டு வழிகளை முன்வைக்கிறோம். ஒன்று: இந்த மாதம் 10ஆம் தேதி 30,000, அடுத்த ஆறு மாதங்கள் 35,000 வீதம். இரண்டு: முதல் மூன்று மாதங்கள் 20,000 வீதம், பின்னர் நான்கு மாதங்கள் 45,000 வீதம். வரும் பணத்தைப் பழைய பில்லிலிருந்து வரவு வைப்போம். தவணைகள் தேதிப்படி வரும்வரை தாமதக் கட்டணம் கேட்கமாட்டோம். ஒரு தவணை தள்ளிப்போகும் என்று தெரிந்தால் மூன்று வேலை நாட்களுக்கு முன் தெரிவியுங்கள். ஒருமுறை தேதியை மாற்றித் தருகிறோம். தகவலின்றி ஏழு நாட்களுக்கு மேல் தாமதமானால், மீதித் தொகை முழுவதும் உடனே செலுத்த வேண்டியதாகும். உங்களுக்கு ஏற்ற வழியையும், நிலுவைத் தொகை சரி என்பதையும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் உறுதி செய்யுங்கள். இரண்டுமே பொருந்தாவிட்டால், முடிந்த தொகையை நீங்களே குறிப்பிடுங்கள்."

இரண்டு வழிகளும் ஏழு மாதத்தில் முடிகின்றன, கூட்டுத்தொகையும் ஒன்றே. நீங்கள் எதையும் இழக்கவில்லை. அவர்களுக்கோ தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கிறது. "பலமுறை நினைவூட்டியும்" போய்விட்டது. வழக்கு என்ற சொல்லும் இல்லை. ஆனால் தவறினால் என்ன நடக்கும் என்பது தெளிவாகவே இருக்கிறது. இந்த வாக்கியத்தைச் சங்கடப்பட்டு நீக்கிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், ஒரு தவணை தவறும்போது அந்த ஒரு தவணையை மட்டும்தான் கேட்க முடியும் என்று வாதம் வரலாம்.

"நிலுவைத் தொகை சரி" என்று எழுத்தில் கேட்பதற்கும் காரணம் உண்டு. பின்னாளில் வேலை சரியில்லை, தொகை தவறு என்ற தகராறுக்கு அது இடம் குறைக்கும். பல நாடுகளில், கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் வழக்குத் தொடரும் கால வரம்பு அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும். உங்கள் நாட்டு விதியை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிலைப் படிக்கும்போது தொகையும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். "கண்டிப்பாகப் பார்க்கிறோம்" என்பது ஒப்புதல் ஆகாது. அன்றே நன்றி சொல்லி, எந்த வழி என்று மட்டும் கேளுங்கள். எதிர்பாராமல் ஒரு பகுதிப் பணம் வந்து, கூடவே "முழுத் தீர்வாக" என்ற குறிப்பு இருந்தால் இன்னும் கவனம் தேவை. சும்மா வாங்கி வைத்துக்கொண்டால் மீதியைத் தள்ளுபடி செய்துவிட்டதாகப் பின்னர் சொல்லக்கூடும். அதை எடுத்துக்கொள்ளும் முன்பே, இது பகுதித் தொகைதான், மீதி இவ்வளவு என்று எழுதி அவர்கள் சம்மதத்தைப் பெறுங்கள்.

இதற்கிடையில் புது வேலை கேட்டால், அதற்கான பணத்தை முன்கூட்டியே வாங்குங்கள். இந்தத் தவணைக் கணக்கோடு அதைச் சேர்க்காதீர்கள்.