ஸ்கூட்டரில் போனையே டேஷ்கேமாக வைப்பது எப்படி?

"மடிவாளாவிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு தினமும் ஸ்கூட்டரில் போகிறேன், ஒரு பக்கம் ஒரு மணி நேரம் ஆகிறது. டேஷ்கேம் ஆப் போட்டு போனை வண்டியில் மாட்டினேன். லூப் ஆன் செய்தும் மெமரி ஃபுல் ஆகிவிடுகிறது, வெயிலில் போன் கொதித்து ரெக்கார்டிங் நின்றுவிடுகிறது. பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றும் வீட்டில் கிடக்கிறது. என்ன செய்யலாம் சார்?"

அந்தப் பழைய போனை எடுங்கள். வண்டி விழுந்தால் முதலில் தெறிப்பது மாட்டியிருக்கும் போன்தான், அந்த நேரத்தில் 112-க்கோ வீட்டுக்கோ பேச வேண்டிய போன் உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும். சிம் இல்லாமலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று வீட்டு வைஃபையில் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். பின்மூடி கொஞ்சமாவது உப்பியிருந்தால் அந்த பேட்டரியோடு வெயிலில் ஓட்டவே வேண்டாம்.

இப்போது மெமரி. 1080p, நொடிக்கு 30 ஃப்ரேம், பிட்ரேட் 12 Mbps என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 5.4 ஜிபி, போக வர 11 ஜிபிக்குள். ஆப்புக்கு 20 ஜிபி ஒதுக்கினாலே ஏறக்குறைய இரண்டு நாள் பதிவு நிற்கும், அதற்கு மேல் பழையது அழிந்து புதியது ஏற வேண்டும். உங்களுக்கு அப்படி நடக்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஷாக் சென்சார். அது காரை மனதில் வைத்துச் செய்த வசதி: பலமாகக் குலுங்கினால் விபத்து என்று நினைத்து அந்த கிளிப்பை அழிக்க முடியாதபடி பூட்டிவிடும். நம்ம ஊர் ரோட்டில் ஸ்கூட்டருக்கு ஒவ்வொரு பள்ளமும் விபத்துதான். மூன்று நிமிட கிளிப் ஒன்று 270 எம்பி, ஒரு பயணத்தில் இருபது கிளிப் பூட்டிக்கொண்டால் 5.4 ஜிபி அப்படியே தேங்கிவிடும். ஆப்பில் பூட்டிய கிளிப்புகள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், வெறும் பள்ளமும் ஸ்பீட் பிரேக்கருமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். சென்சிட்டிவிட்டியைக் கடைசி அளவுக்கு இறக்குங்கள், அப்போதும் பூட்டினால் அணைத்துவிட்டு, ஏதாவது நடந்தால் வண்டியை ஓரம் கட்டி நீங்களே பூட்டுங்கள்.

கிளிப் நீளத்தையும் ஒரு நிமிடமாக்குங்கள். எம்பி4 ஃபைலில் வீடியோவின் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும், நடுவில் போன் அணைந்தால் அந்த கிளிப் திறக்காமலே போகலாம். மோதிய நிமிடமே போய்விட்டாலும் அதற்கு முந்தைய நிமிடங்கள் பத்திரமாக இருக்கும்.

சூட்டில் பெரிய பங்கு வெயிலுக்கும் ஓடும்போதே சார்ஜ் போடுவதற்கும். கேமராவும் வீடியோ என்கோடிங்கும் உள்ளிருந்து சூடேற்றும்போது சார்ஜரும் சேர்ந்தால் ஏப்ரல் மத்தியானத்தில் எந்த போனும் திணறும். உங்களுக்கு ஒரு மணி நேரம்தானே, முழு சார்ஜோடு கிளம்பி ஆபீஸில் திரும்ப ஏற்றுங்கள். பழைய பேட்டரி தாங்குமா என்று முதலில் வீட்டில் ஒரு மணி நேரம் ரெக்கார்ட் செய்து பாருங்கள். பேக் கவரைக் கழற்றிவிடுங்கள், 4K, 60 ஃப்ரேம் எல்லாம் வேண்டாம். ஆப்பில் திரையைக் கறுப்பாக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள், கூடவே பேட்டரி செட்டிங்கில் அந்த ஆப்புக்கு Unrestricted கொடுங்கள், இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டே நடுவழியில் ஆப்பை நிறுத்திவிடும். திரை தானாக மங்குவதும் வீடியோ விட்டுவிட்டு ஓடுவதும் முன்னெச்சரிக்கை, அடுத்தது கேமரா மூடிக்கொள்ளும். மழைக்காக மூடிய பவுச்சில் வைத்தால் சூடு வெளியேறாது, மழை நாளில் ரெக்கார்டிங்கை விட்டுவிடுங்கள்.

மவுன்ட் விஷயத்தில் அதிர்வுதான் எதிரி. என்ஜின் அதிர்வு ஐபோன் கேமராவின் ஆட்டம் தணிக்கும் அமைப்பையும் ஃபோகஸையும் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்தது. மொபெட், ஸ்கூட்டரில் மாட்டினாலும் அதிர்வு தாங்கும் மவுன்ட் போடச் சொன்னது. நிறைய ஸ்கூட்டர்களில் ஹேண்டில்பார் பிளாஸ்டிக்குக்குள் மறைந்திருப்பதால் கண்ணாடிக் கம்பியில்தான் மாட்ட முடியும், அங்கே ஆட்டம் அதிகம். அதனால் நீளமான கை உள்ள மவுன்ட் வேண்டாம், குட்டையான மெட்டல் கிளாம்ப்பும் ரப்பர் டேம்பரும் சேர்ந்ததாகப் பாருங்கள். போனைப் படுக்கை வாட்டத்தில், லென்ஸ் நேராக ரோட்டைப் பார்க்கும்படி வையுங்கள். திரை உங்கள் முகத்துக்கு வசதியாகச் சாய்ந்தால் கேமரா முன் மட்கார்டைத்தான் பிடிக்கும். ஒரு ரவுண்டு போய்வந்து, ஓடும்போது முன்னால் போன வண்டியின் நம்பர் பிளேட்டை வீடியோவில் நிறுத்திப் படியுங்கள். எழுத்து இழுபட்டால் முதலில் மவுன்ட்டை இறுக்குங்கள், அதற்கும் சரியாகாவிட்டால் மவுன்ட்டை மாற்றுங்கள். இரவில் நம்பர் தெரியும் என்று எந்த போனையும் நான் நம்ப மாட்டேன்.

உண்மையாகவே ஏதாவது நடந்துவிட்டால் ரெக்கார்டிங்கை நிறுத்தி, கேபிள் போட்டு ஒரிஜினல் ஃபைலை லேப்டாப்பில் காப்பி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கி, நம்பர் பிளேட்டில் மிச்சமிருந்த தெளிவும் போய்விடும். கோர்ட் வரை போனால் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தேவைப்படும், ஆகவே கேஸும் இன்சூரன்ஸ் கிளெய்மும் முடியும் வரை அந்த போனை ரீசெட் செய்யாமல் தனியாக எடுத்து வையுங்கள்.